ஹாஸ்டல், பிஜி அட்வான்ஸைத் திரும்பக் கேட்ட அனுபவங்கள்

கோவைப்பொண்ணு

பெருங்குடியில் லேடீஸ் ஹாஸ்டல், மூன்று பேர் ஷேரிங். வாடகை 6,000, அட்வான்ஸ் 12,000. கோவைக்கு மாற்றல் வந்ததும் 10ஆம் தேதி வார்டன் அக்காவிடம் சொன்னேன், 15ஆம் தேதி காலி செய்தேன். அந்த மாத வாடகை முழுசாக முன்னாடியே கட்டியாகிவிட்டது.

அட்வான்ஸ் கேட்டு ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருந்தேன். "5ஆம் தேதிக்குள்ள நோட்டீஸ் கொடுக்கலை, அதனால அடுத்த மாசத்துக்கு 6,000 பிடிப்போம். பெயின்டிங் 3,000. மீதி 3,000 நாற்பத்தஞ்சு நாள் கழிச்சு வாங்கிக்கோ" என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே ஒரு பெண் அப்பாவோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அக்கா மேஜை டிராயரைத் திறந்து என் கப்போர்டு சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். நான் கட்டிய சிவப்பு நூல் இன்னும் அதில் இருந்தது. அவள் அப்பா என் எதிரிலேயே நின்று 500 ரூபாய்த் தாள்களை எண்ணினார். அட்வான்ஸ் 12,000, பாதி மாத வாடகை 3,000. என் படுக்கைக்குத்தான். ஒரு நாள்கூடக் காலியாகக் கிடக்காத படுக்கைக்கு என்னிடம் ஏன் அடுத்த மாத வாடகை? அங்கேயே கேட்டேன். "ரூல்ஸ் போர்டுல இருக்குமா, பாரு" என்று சுவரைக் காட்டினார்.

மடிப்பாக்கம் சேகர்

இதற்கு நேரடியாகச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017இல் வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது, காலி செய்தபின் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட வேண்டும். வாடகை அதிகாரியிடம் மனு போடுங்கள். நான் வீடு காலி செய்தபோது ஹவுஸ் ஓனரிடம் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னதுமே பணம் வந்துவிட்டது.

பானுமதி

எங்கள் பையனுக்கும் இதே பாடு. இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் காஷன் டெபாசிட். மெஸ், லைப்ரரி, லேப் என்று ஒவ்வொரு இடமாக நோ டியூ கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள். மெஸ்காரர் ஊருக்குப் போய்விட்டார், கையெழுத்து இல்லாமல் ஆபீஸில் படிவத்தையே வாங்கவில்லை. கடைசியில் செக் வந்தது, பெயரில் எழுத்துப் பிழையோடு. நீ நோ டியூ வாங்கிவிட்டாயா கண்ணு?

பெங்களூரு ரிட்டர்ன்

எனக்குச் சட்டமெல்லாம் தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன். பிடிஎம் லேஅவுட்டில் ஆண்கள் பிஜி. வேலை போய்விட்டது, ஊருக்குக் கிளம்ப வேண்டிய நிலை. நோட்டீஸ் ஒழுங்காகக் கொடுத்தேன். அட்வான்ஸ் கேட்கப் போனால் கவுண்டரில் புது ஆள். "பிஜி கைமாறிடுச்சு. உங்க அட்வான்ஸ் பழைய ஆள்கிட்ட, எங்ககிட்ட வரல" என்கிறார். பழையவருக்கு போன் போட்டால், எல்லா அட்வான்ஸையும் கணக்குப் பார்த்துப் புதியவரிடம் ஒப்படைத்துவிட்டேன் என்கிறார். இருவரையும் ஒரே காலில் இணைத்தேன். இருவரும் கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டார்கள், நான் கேட்டுக்கொண்டே நின்றேன். பணம் இன்று வரை வரவில்லை. இதில் யாரைப் பிடிப்பது?

தாம்பரம் ஹாஸ்டல் நடத்துபவர்

எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். கட்டடம் எங்களுடையது இல்லை, அதன் ஓனருக்கு நாங்கள் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். நீங்கள் கொடுக்கும் அட்வான்ஸ் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பணம் இல்லை. கட்டில், மெத்தை, கீசர், சமையல்காரர் சம்பளம் என்று போய்விடுகிறது. போகிறவருக்குக் கொடுப்பது பெரும்பாலும் புதிதாக வருகிறவரின் அட்வான்ஸிலிருந்துதான். நாற்பத்தைந்து நாள் கெடு இதனால்தான். 5ஆம் தேதிக் கணக்கும் சும்மா வைத்தது இல்லை. ரூம் தேடி வருபவர்கள் மாதக் கடைசியிலும் 1ஆம் தேதியை ஒட்டியும்தான் வருவார்கள். நடுவில் காலியானால் அடுத்த 1ஆம் தேதி வரைக்கும் படுக்கை சும்மா கிடக்கும்.

ஆனால் தங்கச்சி சொன்ன விஷயத்தில் ஹாஸ்டல் செய்தது தப்பு. படுக்கை நிரம்பியபின் நோட்டீஸ் மாதம் பிடிப்பதை நான் செய்வதில்லை.

இனி காலி செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாவியைக் கொடுப்பதற்கு முன் அட்வான்ஸ் பேச்சை முடியுங்கள். மாதக் கடைசியில் கேட்டால் எங்களிடம் நிஜமாகவே பணம் இருக்காது, வாடகை வசூலாகும் 5 முதல் 10 தேதிக்குள் கேளுங்கள். ரூமை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன், சுவிட்ச், கப்போர்டு கதவு, பாத்ரூம் குழாய் எல்லாம் அதில் வரட்டும். வார்டனிடம் பேசிப் பிரயோஜனமில்லை, பணத்தை முடிவு செய்பவர் வேறொருவராக இருப்பார், அவர் நம்பரை வாங்குங்கள்.

நெல்லை வாசு

நான் நுகர்வோர் வழக்குகள் பார்ப்பவன். சேகர் சார், உங்கள் சட்டம் வீட்டுக்குச் சரி. சாப்பாடு போட்டு, படுக்கைக்குப் பணம் வாங்கும் ஹாஸ்டல் வாடகை வீடு ஆகாது, அது சேவை. அங்கே வாடகை ஒப்பந்தமும் இருக்காது. வாடகை அதிகாரியிடம் போனால் இதைச் சொல்லியே திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். நுகர்வோர் ஆணையம்தான் வழி.

கோவைப்பொண்ணு கணக்கை நிதானமாகப் பார்ப்போம். ஹாஸ்டல் சொல்கிறபடி நடந்தால், முதல் மாதம் அந்தப் படுக்கைக்கு உங்களிடம் 6,000, புதியவரிடம் 3,000. இரண்டாம் மாதம் புதியவரிடம் 6,000, உங்கள் அட்வான்ஸில் பிடித்தது 6,000. இரண்டு மாதத்தில் 12,000 வர வேண்டிய படுக்கையில் 21,000. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதிவைத்த தொகை ஒரு உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். நஷ்டமே இல்லாத இடத்தில் போர்டில் எழுதியிருக்கிறது என்பது மட்டும் போதாது. பெயின்டிங் 3,000 நீங்கள் கையெழுத்துப் போட்ட அட்மிஷன் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டி வரலாம்.

முதலில் ஒரு பக்கக் கடிதம். சேர்ந்த தேதி, சொன்ன தேதி, காலி செய்த தேதி, 12,000 கேட்கிறேன், பதினைந்து நாள் தருகிறேன் என்று எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதோடு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அந்த ஹெல்ப்லைன் சமரசம்தான் பேசும், உத்தரவு போடாது. சில ஹாஸ்டல்கள் அதற்கே இறங்கிவருவார்கள். இல்லையென்றால் மாவட்ட ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் கோவையிலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரு எச்சரிக்கை: 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற தலைப்பில் மனு எழுதாதீர்கள், அது மாநில ஆணையத்துக்குப் போய்விடும். சேவைக் குறைபாடு என்றே எழுதுங்கள்.

பெங்களூரு தம்பி, பழையவர் புதியவர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். பணம் யாரிடம் போனது என்பதை அவர்களே அங்கே சொல்லட்டும்.

மடிப்பாக்கம் சேகர்

வாசு சார், என் அக்கா பெண் தங்கும் இடத்தில் பதினோரு மாத ஒப்பந்தம் ஸ்டாம்ப் பேப்பரில் போட்டுத்தான் கொடுத்தார்கள். சாப்பாடு கிடையாது, தனி அறை. அதையும் ஹாஸ்டல் என்றுதான் போர்டு போட்டிருக்கிறார்கள். அப்போதும் வாடகைச் சட்டம் இல்லை என்பீர்களா?

நெல்லை வாசு

அந்த ஒப்பந்தத்தைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். அதில் வாடகை என்று இருக்கிறதா, தங்க அனுமதி மட்டும் தரும் லைசென்ஸ் என்று இருக்கிறதா, அறைச் சாவி யாரிடம் இருக்கிறது, இதெல்லாம் பார்க்க வேண்டும்.

கோவைப்பொண்ணு

நன்றி வாசு அண்ணா. ஒரு சந்தேகம். அட்வான்ஸை ரொக்கமாகத்தான் வாங்கினார்கள், ரசீது தரவில்லை. ஆனால் "12,000ல 9,000 போக மீதி 3,000" என்று வார்டன் அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பியது இருக்கிறது. பெட்டியோடு வந்த பெண்ணின் நம்பரும் என் ரூம்மேட்டிடம் இருக்கிறது. 16ஆம் தேதி சேர்ந்தாள் என்று அவள் எழுதிக் கொடுப்பாளா தெரியவில்லை, அவள் அட்வான்ஸும் அங்கேதானே இருக்கிறது.

நெல்லை வாசு

அவளை இழுக்காதீர்கள்மா. வாட்ஸ்அப் போதும், 12,000 வாங்கியதை அவர்களே ஒப்புக்கொண்டாயிற்று. அந்த மெசேஜை அழிக்காமல், போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். படுக்கை நிரம்பவில்லை என்று அவர்கள் சொன்னால், வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி ஆணையத்திடம் கேட்கலாம்.