மடல் இழை: பயற்றின் மேல் தெரியும் அந்த வட்டத்துக்கு என்ன பெயர்?

கயல்விழி:
வணக்கம். சேமித்த பயற்றின் படத்தைப் பார்த்துச் சேதம் கண்டுபிடிக்கும் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உழவர் குழுவின் கொள்முதல் கூடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கானது. நீலத் தாளில் 100 பயறு பரப்பிப் படம் எடுத்து, முட்டை, ஓட்டை, பூசணம் என்று எண்ணி எழுத வேண்டும். ‘விண்டோ’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். பயறு வண்டு ஓட்டை போடுவதற்கு முன் தோலில் தெரியும் மங்கலான வட்டம் அது. ‘சன்னல்’ பொருந்துமா?

இராமநாதன்:
சன்னல் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல், அம்மா. ‘மான்கண் காலதர்’ என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காலதர் என்றே போடுங்கள். அப்புறம், உளுத்துப்போவதால்தான் உளுந்துக்கு அந்தப் பெயர் வந்தது என்பது என் நெடுநாள் கருத்து. அந்த உளு என்ற வேரையும் இங்கே பயன்படுத்தலாம்.

செந்தில்:
ஐயா, பழைய வடிவம் உழுந்து. அகநானூற்றில் ‘உழுந்து தலைப்பெய்த கொழுங்களி மிதவை’ என்று ழகரத்தோடுதான் வருகிறது. உளுத்தலில் இருப்பது ளகரம். இரண்டையும் ஒட்ட முடியாது.

மீனாட்சி:
எங்கள் வீட்டு அரிசியிலும் வண்டு வருகிறது. காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டு வைக்கிறேன். ஆனால் இப்படி வட்டம் எதையும் பார்த்ததில்லையே?

சுப்புலட்சுமி:
மீனாட்சி சொல்வது சரிதான், அரிசியில் இந்த வட்டத்தைத் தேட வேண்டாம். அரிசி வண்டு மணியைக் குடைந்து உள்ளே முட்டையிட்டு அடைத்துவிடும், வெளியே முட்டை தெரியாது. அது வெளியேறும் ஓட்டையும் விளிம்பு சீரில்லாமல் இருக்கும். பயறு வண்டு அப்படியில்லை. முட்டையைத் தோலின் மேல் ஒட்டிவைக்கும். புழு முட்டைக்கு அடியிலேயே துளைத்து உள்ளே போய்விடுவதால் நுழைந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. பொரித்த முட்டை ஓட்டுக்குள் புழுவின் கழிவு அடைந்து பால் வெள்ளையாகிவிடும். பொரிக்காதது கண்ணாடி போல இருக்கும். புழு வளர்ந்ததும் தோல் வரைக்கும் தின்று, மெல்லிய தோலை மட்டும் விட்டுவைத்து, அதன் பின்னால் கூட்டுப்புழுவாகிறது. அந்த இடம்தான் கயல் கேட்கும் வட்டம். கிட்டத்தட்ட ஒரு வாரத்தில் வண்டு அந்தத் தோலை மூடி போல வெட்டித் தள்ளிவிட்டு வெளியே வரும்.

காலதர் எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் இந்த வட்டத்தின் வழியே காற்று போவதில்லை, அது இன்னும் திறக்கவே இல்லை.

செந்தில்:
அப்படியானால் ‘மூடுகண்’? வினைத்தொகை, சொல்லவும் எளிது.

சுப்புலட்சுமி:
கண் வேண்டாம், தம்பி. தட்டைப்பயற்றில் கறுப்பாக இருப்பதைத்தான் ஊரில் கண் என்கிறோம். உளுந்தில் அதே இடத்தில் வெள்ளைத் தழும்பு இருக்கும். புதிதாக வந்தவர்கள் அதைத்தான் முட்டை என்று எண்ணிவிடுகிறார்கள். தழும்பு நீளவாட்டில், ஒரு பயற்றுக்கு ஒன்றுதான், எப்போதும் அதே இடம். முட்டை மேடாக, எங்கு வேண்டுமானாலும் ஒட்டியிருக்கும். ஏற்கெனவே குழப்பம் உள்ள இடத்தில் இன்னொரு கண்ணைச் சேர்க்க வேண்டாம்.

அன்பு:
நான் கொள்முதலில் இருந்தவன். ஒருமுறை பச்சைப்பயறு படம் வந்தது. 100 பயற்றில் 2 ஓட்டைதான், எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரமே மூட்டையில் வண்டு ஊர்ந்தது. படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தபோது 9 பயற்றில் வட்டம் இருந்தது. எனக்கு ‘மூடுதுளை’ போதும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள், வட்டம் நன்றாகத் தெரியும். உளுந்தின் கறுப்புத் தோலில் அப்படியும் கஷ்டம்தான்.

இராமநாதன்:
திறந்தால்தானே துளை? மூடியிருப்பதைத் துளை என்பது பொருட்பிழை. ‘துளைமுகை’ என்று சொல்லிப் பாருங்கள். பூ விரியுமுன் முகை, துளை திறக்குமுன் துளைமுகை.

அன்பு:
அழகாக இருக்கிறது, ஐயா. ஆனால் அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் முகை என்றால் முளை என்று படிப்பார்கள். ஈரம் பட்டு முளைத்த பயற்றுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது.

கயல்விழி:
அது என்னைப் பயமுறுத்துகிறது. இன்னொரு கேள்வி: ‘ஈரம்’ என்ற கட்டத்தை என்ன செய்வது?

சுப்புலட்சுமி:
படத்தில் ஈரம் தெரியாது. ஈரம் பட்டுப் போன தடம்தான் தெரியும்: சுருங்கிய தோல், நிற மாற்றம், முளை, பூசணம். நேற்று நனைந்து இன்று மேலாக உலர்ந்தது படத்தில் நல்ல பயறு போலவே இருக்கும். ‘ஈரத்தடம்’ என்று போடுங்கள். ஈரத்தைக் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

செந்தில்:
ஈரத்தடம் நன்று. மூடுதுளைக்கு நானும் சம்மதம். ஆனால் பெயரில் துளை இருப்பதால் ஓட்டைக் கணக்கோடு சேர்த்துவிடுவார்களே?

கயல்விழி:
அதற்காகவே கட்டத்தைப் பிரித்து, ஒன்றுக்கு மூடுதுளை, மற்றதற்கு ஓட்டை என்று வைத்துவிட்டேன். மூன்று பேர் மூடுதுளை பக்கம். இன்று இரவு அனுப்பிவிடுகிறேன்.

இராமநாதன்:
அனுப்புங்கள், அம்மா. துளைமுகை என்பதை அடிக்குறிப்பிலாவது சேர்க்க முடியுமா?