மின்கார் நாலு வருஷத்தில் பழசாகிவிடுமா?

கோவை_வாசி: 45 யூனிட் பேட்டரி வச்ச டாடா மின்கார், நெக்ஸான் ஈவி 45 புக் பண்ணப் போறேன். தினமும் போக வர 50 கி.மீ. உள்ளே திரவத்துக்குப் பதிலா திடப்பொருள் வச்ச சாலிட் ஸ்டேட் பேட்டரி வந்துட்டா இந்தக் கார் நாலே வருஷத்தில் காயலான் கடைக்குத்தான் போகும்னு மச்சான் பயமுறுத்துறார். பொறுத்துப் பார்க்கட்டுமா?

பெட்ரோல்_பங்காளி: மச்சான் சொல்றது சரி. செல்போன் பேட்டரி ரெண்டு வருஷத்தில் ஊத்திக்குது. கார் பேட்டரியும் அதே லித்தியம்தானே? மாத்தப் போனா கார் விலையில் பாதி கேட்பான்.

வோல்ட்மீட்டர்: பங்காளி, காரணம் தப்பு, முடிவு மட்டும் பாதி சரி. நெக்ஸானில் இருப்பது எல்எஃப்பி செல், அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட், செல்போன் பேட்டரியைவிட நாள் தாங்குற வகை. தண்ணீர் ஓடி சூட்டைத் தணிக்கும். சூட்டில் செத்ததுக்கு உதாரணம் வேணும்னா பழைய 24 யூனிட் பேட்டரி வச்ச நிஸான் லீஃப். அதில் அந்த ஏற்பாடே இல்லை. அரிசோனா வெயிலில் ரெண்டு வருஷத்துக்குள்ளேயே ரேஞ்ச் விழுந்துபோச்சுன்னு 2012-ல பெரிய சண்டை.

விலை இறங்குவது வேற காரணத்தால். 2020 ஜனவரியில் நெக்ஸான் ஈவி 13.99 லட்சத்தில் ஆரம்பிச்சது. பேட்டரி 30.2 யூனிட், காகிதத்தில் 312 கி.மீ. 2024 செப்டம்பரில் அதே 13.99 லட்சத்துக்கு 45 பேட்டரி, 489 கி.மீ. இனி பழைய காரை வாங்க வர்றவன், அது எத்தனை கி.மீ. ஓடியிருக்குன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி புதுசோட விலையைத்தான் பார்ப்பான். உங்க பேட்டரி ஒரு துளி தேயலைன்னாலும் பக்கத்தில் புதுசு மலிவா நின்னா உங்க விலை இறங்கும்.

ஸ்கூட்டர்_செல்வி: எங்க ஸ்கூட்டர் பேட்டரியும் மூணாவது வருஷமே போயிடுச்சு. அதை மாத்தினா மானியம் உண்டா?

வோல்ட்மீட்டர்: அம்மா, இது கார் பேச்சு. ஸ்கூட்டருக்குத் தனியாக் கேளுங்க, சொல்றேன்.

மதுரை_மாமா: பட்டவன் சொல்றேன். 2021-ல ஆன்ரோடு 15 லட்சத்துக்கு 30.2 வண்டி எடுத்தேன். 52,000 கி.மீ. ஓடியிருக்கு, குறை ஒண்ணும் இல்லை. போன மாசம் பழைய கார் வியாபாரி ஒருத்தர் 6 லட்சம்னார். பேட்டரியைத் திறந்துகூடப் பார்க்கலை. "வாரன்டி இன்னும் எத்தனை வருஷம் சார்?"னு ஒரே கேள்விதான்.

வோல்ட்மீட்டர்: அண்ணே, அவர் கேட்டது நியாயம்தான். பேட்டரி வாரன்டி எட்டு வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. கைமாறின பிறகு வாங்குறவனுக்கு அதுதான் கையில் இருக்கிற காப்பு. அது முடிய முடிய விலை இறங்கும். ஆனா 6 லட்சத்துக்குக் கொடுத்துடாதீங்க, முதல்ல பேட்டரியை அளந்து கையில் வச்சுக்கங்க.

ஒரு தடவை 100 வரை ஏத்தி ஒரு மணி நேரம் விடுங்க. எல்எஃப்பி செல்லில் வோல்ட்டேஜ் ரொம்ப நேரம் ஒரே மட்டத்தில் நிக்கும், அதனால 100 வரை ஏத்தாமலே ஓட்டிட்டு இருந்தா சதவீதம் பொய் சொல்லும். அப்புறம் 20 வரை ஓட்டி, வீட்டு மீட்டரைக் குறிச்சுக்கிட்டு 100 வரை ஏத்துங்க.

மதுரை_மாமா: ஏத்தியாச்சு தம்பி. மீட்டரில் 24 யூனிட் கூடியிருக்கு.

வோல்ட்மீட்டர்: சார்ஜரில் சுமார் 10 சதவீதம் சூடாப் போகும்னு வச்சா உள்ளே போனது 21.6. அது பேட்டரியில் 80 சதவீதம், முழுசு 27. பெட்டியில் போட்டிருக்கிற 30.2-க்குச் சுமார் 89 சதவீதம். துல்லியமில்லை, ரெண்டு மூணு அங்கே இங்கே இருக்கும். ஆனா வண்டி நல்லாவே இருக்கு.

பெட்ரோல்_பங்காளி: ஆக நல்ல பேட்டரிக்கும் பாதி விலைகூட இல்லை! நான் சொன்னதுதானே? 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டியை 18-க்கு இறக்கிட்டான், மின்காருக்கு அதே 5. புது பெட்ரோல் கார் மலிவான பிறகு பழைய மின்காரை எவன் தொடுவான்?

வோல்ட்மீட்டர்: ஜிஎஸ்டி விஷயம் ஒத்துக்கிறேன், அது அடிதான். ஆனா கோவைக்காரர் கணக்கைப் போடுங்க. வருஷம் 15,000 கி.மீ. லிட்டருக்கு 15 ஓடினா 1,000 லிட்டர், ஒரு லட்சம் ரூபாய். வீட்டில் சார்ஜ் பண்ணினா யூனிட் 8 ரூபாய்னு வச்சாலும் 20,000-க்குள்ள முடியும். நாலு வருஷத்தில் மூணு லட்சத்துக்கு மேல மிச்சம். விற்கும்போது விடுற காசு இங்கே திரும்புது. தினமும் 10 கி.மீ. ஓட்டுறவருக்கு இந்தக் கணக்கு உதவாது, அவரை நான் மின்கார் வாங்கச் சொல்ல மாட்டேன்.

சாலிட் ஸ்டேட் வந்தாலும் முதல்ல விலை உயர்ந்த காரில்தான் உட்காரும். நிஜமா ஒரு காரை அநாதை ஆக்குறது பிளக்தான். பழைய இ-வெரிட்டோவும் ஆரம்ப டிகோர் ஈவியும் ஜிபி/டின்னு ஒரு வகை சார்ஜிங் முனையோட வந்தது. அப்புறம் சிசிஎஸ்2ன்னு வேற வகை முனை ஊரெல்லாம் பரவின பிறகு ஃபாஸ்ட் சார்ஜர் தேடி அலையுறாங்க. நீங்க வாங்குறது சிசிஎஸ்2, அந்தக் கவலை இல்லை.

கோவை_வாசி: 45-க்கு ஆயுள் வாரன்டின்னு ஷோரூமில் சொல்றாங்களே?

வோல்ட்மீட்டர்: முதல் உரிமையாளருக்கு மட்டும். பத்து வருஷம் ஓட்டுவீங்கன்னா அது பொன். மூணாவது வருஷம் விற்கிற பழக்கம் இருந்தா வாங்குறவன் அதுக்குக் காசு தரமாட்டான்.

பெட்ரோல்_பங்காளி: 2020-ல வாங்கின முதல் வண்டிகளுக்கு 2028-ல வாரன்டி முடியுது. அன்னைக்கு என்ன விலைக்குப் போகுதுன்னு பார்த்துட்டு வந்து பேசுறேன்.

மதுரை_மாமா: அதுவரைக்கும் நான் விற்கலை. வியாபாரிக்கு போன் போட்டு 27 கணக்கைச் சொன்னேன். 6.4-ன்னார்.