மாநாட்டு பேட்ஜ்: கியூஆர் பிடிக்கவில்லை, பெயர் தெரியவில்லை… உங்கள் அனுபவம்?

வாசல்மேசை
கோவையில் ஒரு மருத்துவர் மாநாடு. பேட்ஜ் அடித்தது வேறு ஆட்கள், எனக்கு ஸ்கேன் வேலை மட்டும். மதியச் சாப்பாட்டு வரிசையில் ஒரு மூத்த டாக்டர். அட்டையின் அடிமூலையில் பொடிசாக ஒரு கியூஆர். லேப்டாப் கேமரா பிடிக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற பையன் அவசரத்தில் அட்டையைப் பிடித்து இழுக்க, டாக்டரின் தலையும் கூடவே மேசைக்கு வந்துவிட்டது. "தம்பி, கயித்தை விடுப்பா, நானே கழட்டித் தர்றேன்" என்றார். கடைசியில் பெயரை எழுதிக்கொண்டு அனுப்பினோம். அந்தக் கியூஆர் ஏன் அப்படி இருந்தது என்று இன்னும் மண்டையைக் குடைகிறது.

லேபிள்காரர்
அதற்குள் என்ன போட்டிருந்தார்கள்?

வாசல்மேசை
பெயர், பட்டம், ஆஸ்பத்திரி முகவரி, போன், மெயில், எல்லாமே.

லேபிள்காரர்
அப்போது அதுதான். 270 எழுத்து உள்ளே போனால் கியூஆரின் ஒரு பக்கத்துக்கு 65 கறுப்பு-வெள்ளைக் கட்டம் ஆகிவிடும். சுற்றிலும் 4 கட்டம் வெள்ளை விட வேண்டும், ஆக 73. இதை 18 மில்லிமீட்டரில் அடைத்தால் ஒரு கட்டம் கால் மில்லிமீட்டர்தான். நாங்கள் வைத்திருக்கும், அங்குலத்துக்கு 203 புள்ளி அடிக்கும் தெர்மல் பிரிண்டரில் அது இரண்டே புள்ளி. கொஞ்சம் கசிந்தாலும் பக்கத்துக் கட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். லேப்டாப் கேமராக்களில் பெரும்பாலும் ஃபோகஸ் மாறாது. கிட்டே கொண்டுபோனால் மங்கும், தள்ளிப் பிடித்தால் கட்டம் தெரியாது. பையன் இழுத்ததில் பலன் இருந்திருக்காது.

பதிவு எண் மட்டும், CBE1047 மாதிரி, போட்டுப் பாருங்கள். 21 கட்டம், வெள்ளையோடு 29. அதே 18 மில்லிமீட்டரில் ஒரு கட்டத்துக்கு 5 புள்ளி கிடைக்கும். மற்ற விவரமெல்லாம் கணினியில் இருக்கட்டும்.

டிசைன் தம்பி
அண்ணே, இவ்வளவு கணக்கு எதற்கு? கியூஆரின் பிழைதிருத்தத்தை மிக உயர்ந்த எச் நிலைக்கு மாற்றினால் 30 சதவீதம் அழிந்தாலும் படிக்கும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

லேபிள்காரர்
கிழிந்தால், கறை பட்டால் எச் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கூடுதல் கட்டம் வேண்டுமே. அதே 270 எழுத்தை எச்சில் போட்டால் 65 கட்டம் 80-ஐத் தாண்டும், அதே இடத்தில் ஒவ்வொன்றும் இன்னும் பொடியாகும். சின்ன எண்ணாக இருந்தால் தாராளமாகப் போடு தம்பி.

கவி_மதுரை
என் கதை வேறு. பதிவுப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினேன். அட்டையில் அப்பா பெயர் அரை அட்டைக்கு, என் பெயர் கீழே எறும்பு சைஸில். நாள் முழுக்க எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவர் ரிட்டையர் ஆகி வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்! தோழிக்கு இன்னும் மோசம். முதல் கட்டத்தில் இனிஷியலை நிரப்பியிருந்தாள், பெரிய எழுத்தில் வெறும் "R". அதற்கும் மேலே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக மாநாட்டின் லோகோ. எந்த மாநாட்டுக்கு வந்திருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியாதா? "அட்டையில் எப்படி அச்சாக வேண்டும்" என்று தனியாக ஒரு கட்டம் கேட்டால் தீர்ந்தது.

பள்ளி அம்மா
எங்கள் பள்ளி ஐடி கார்டிலும் கியூஆர் இருக்கிறது. வேன் ஸ்டாப்பில் யாரோ ஒருவர் ஸ்கேன் செய்தால் என் போன் நம்பர் அப்படியே வருகிறது. குழந்தைகள் அட்டையில் இது வேண்டுமா? கயிறும் இழுத்தால் கழன்றுவிடுகிறது, மட்டமான சரக்கு.

லேபிள்காரர்
அம்மா, கழுத்துக்குப் பின்னால் கிளிப் கழல்வது நல்லதுதான். எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்காமல் இருக்கத்தான் அப்படி வைக்கிறார்கள். நம்பர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. எண் மட்டும் போட இன்னொரு காரணம் அது.

கயிறு என்று வந்ததால் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். நடுவில் ஒற்றைக் கொக்கி போட்டால் அட்டை திரும்பிக்கொண்டே இருக்கும். ஹாலில் சும்மா ஒரு பார்வை பாருங்கள், பாதிப் பேர் வெள்ளைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். மேலே இரண்டு மூலையிலும் துளை, இரண்டு கொக்கி என்றால் அவ்வளவாகத் திரும்பாது. முடியாவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே பெயரை அடித்துவிடுங்கள். துளைக்காக மேலே 15 மில்லிமீட்டர் காலியாக விட வேண்டும். பஞ்ச் போட்ட ஓட்டை ஒருவர் பெயரின் முதல் எழுத்தில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். நீளமும் முக்கியம். வயிற்றுக்குத் தொங்கினால், உட்கார்ந்ததும் பெயர் மேசைக்கு அடியில் போய்விடும்.

டிசைன் தம்பி
எச் என்னை இதுவரை கைவிட்டதில்லை. சரி, விடுங்கள். ஆனால் கியூஆரை முன்னால் எதற்கு வைக்கிறீர்கள்? பின்னால் போட்டால் பெயருக்கு முழு இடமும் கிடைக்குமே.

வாசல்மேசை
ஒவ்வொருவரும் அட்டையைத் திருப்பிக் காட்ட வேண்டும் தம்பி. கையில் தட்டு இருக்கும்போது அது நடக்காது.

கவி_மதுரை
எனக்குப் பின்னால் வைப்பதுதான் பிடிக்கும். என் நெஞ்சுக்கு நேரே போனை நீட்டுவதைவிட, நானே அட்டையைத் திருப்பிக் காட்டிவிடுவேன்.