இரண்டு மூலை அவனுக்கு, நடுக்கட்டம் எனக்கு. அப்படியும் தோற்றேன்

செந்தூல் அத்தை

போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தோம். அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நான்கு கோடு போட்டுவிட்டு, "அத்தை, விளையாடலாமா?" என்றான். டிக்-டாக்-டோ சரியாக ஆடினால் சமநிலையில்தான் முடியும் என்று சிறு வயதிலேயே கேள்விப்பட்டவள் நான். நம்பிக்கையோடு உட்கார்ந்தேன். கட்டங்களுக்கு இப்படி எண் கொடுத்துச் சொல்கிறேன்:

```
1 2 3
4 5 6
7 8 9
```

அவன் 1இல் பெருக்கல் குறி போட்டான். நடுக்கட்டத்தை விடக்கூடாது என்று நான் 5இல் வட்டம் போட்டேன். அவன் 9. மூலை வலுவான இடமாயிற்றே என்று நான் 3ஐப் பிடித்தேன். 3, 5, 7 என்று எனக்கும் ஒரு வரிசை அமைகிறது அல்லவா? அவன் 7இல் போட்டு அதை மறித்தான். அப்போதுதான் கவனித்தேன். 4இல் போட்டாலும் அவனுக்கு வெற்றி, 8இல் போட்டாலும் வெற்றி. நான் ஒன்றைத்தான் அடைக்க முடியும்.

சாப்பாடு வந்துவிட்டது. ஆனால் என் மனம் அந்தத் தாளிலேயே நின்றுவிட்டது. நான் எங்கே தவறினேன்?

ஈப்போ சாலைத் தம்பி

அக்கா, நடுக்கட்டத்தைப் பிடித்தது சரி. மூலையைப் பிடித்ததும் சரிதான். மூலை வழியாக மூன்று வரிசைகள் போகின்றன, பக்கவாட்டுக் கட்டத்தின் வழியாக இரண்டுதான். நீங்கள் 3க்குப் பதிலாக 7இல் போட்டிருந்தால், அவன் உங்களைத் தோற்கடித்த இடமே உங்கள் கையில் இருந்திருக்கும். கல்லூரியில் நண்பர்களோடு நிறைய ஆடியிருக்கிறேன். நடுவும் மூலையும் என் கையில் இருக்கும்போது நான் தோற்றதாக நினைவில்லை.

பினாங்கு ஓய்வுபெற்ற ஆசிரியை

தம்பி, 7இல் போட்டிருந்தாலும் இதே தோல்விதான். தாளைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் அக்கா 7இல் போட்டால் பையன் 3இல் மறிப்பான். அவனிடம் 1, 3, 9 சேர்ந்துவிடும். 2இலும் 6இலும் அவனுக்கு வெற்றி காத்திருக்கும்.

முப்பது ஆண்டுகள் கணிதம் நடத்தியவள் நான். மழை நாள்களில் வகுப்பில் இந்த ஆட்டத்தைத்தான் எடுப்பேன். மாணவர்களிடம் முதலில் சொல்வது இது: வெற்றி மூன்றாவது குறியில் இல்லை, கவட்டையில் இருக்கிறது. உங்கள் குறி ஒன்று மட்டும் இருந்து, எதிரியின் குறி எதுவும் இல்லாத வரிசை இரண்டு, ஒரு காலிக் கட்டத்தில் சந்திக்கின்றனவா என்று தேடுங்கள். அந்தக் கட்டத்தில் போட்டால் ஒரே நேரத்தில் இரண்டு மிரட்டல்கள். அதைத்தான் நான் கவட்டை என்பேன்.

அம்மா, உங்கள் ஆட்டத்துக்கு வருவோம். நீங்கள் 5இல் போட்டதும் மொத்தம் எட்டு வரிசைகளில் நான்கு பையனுக்குச் செத்துவிட்டன. மீதி இருப்பவை சதுரத்தின் நான்கு ஓரங்கள் மட்டுமே. இரண்டு ஓரங்கள் சந்திக்கும் இடம் மூலைதான். ஆகவே அதன் பிறகு அவனுக்குக் கவட்டை மூலையில் மட்டுமே அமையும். 1உம் 9உம் அவனிடம் இருக்கும்போது 3, 7 இரண்டுமே கவட்டைக் கட்டங்கள். ஒன்றை நீங்கள் பிடித்தால் மற்றது மிஞ்சுகிறது.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. 3இல் போட்டு நீங்கள் அவனை மிரட்டினீர்கள். மிரட்டினால் அவன் மறித்தே ஆக வேண்டும். மறிக்க வேண்டிய கட்டம் எது? 7. அவன் தேடிப் போக வேண்டிய இடத்துக்கு நீங்களே அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டீர்கள்.

2இல் போட்டிருந்தால்? அதுவும் மிரட்டல்தான், ஆனால் அவன் மறிக்க வேண்டியது 8இல். அது மூலை அல்ல. இப்போது 8, 9 அவனிடம் இருப்பதால் நீங்கள் 7ஐ அடைக்க வேண்டும். அடைத்ததும் 7, 5, 3 என்று உங்கள் மிரட்டல் எழும். அவன் 3இல் மறித்து 6ஐக் குறிவைப்பான். நீங்கள் 6இல் போட்டு 4ஐக் குறிவைப்பீர்கள். அவன் 4இல் போடுவதோடு கட்டங்கள் தீர்ந்துவிடும்:

```
× ○ ×
× ○ ○
○ × ×
```

யாருக்கும் வெற்றி இல்லை.

பட்டர்வொர்த் அண்ணன்

முதலில் யார் ஆடுவது என்பதைப் பற்றி நானும் ஒன்று கேட்கிறேன். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. பிள்ளையின் பள்ளியில் கேண்டீன் தினம். ஒரு கடையில் ஒரு ரிங்கிட் கட்டி இந்த ஆட்டம் ஆடலாம், ஜெயித்தால் பிஸ்கட் டின். கடைக்காரப் பையன்தான் எப்போதும் முதலில் ஆடுவான், அதுவும் மூலையிலிருந்து. அவன் 1இல் போட, பக்கத்திலேயே மறிக்கலாம் என்று நான் 2இல் போட்டேன். மூன்று முறை அப்படியே ஆடி மூன்று ரிங்கிட் போனது. முதலில் ஆடுபவன் ஜெயிப்பது நிச்சயம் என்றால் அது நியாயமா?

பினாங்கு ஆசிரியை

நிச்சயம் இல்லை, ஐயா. மூலையில் தொடங்குபவருக்குப் பதில் சொல்ல உங்களிடம் எட்டுக் கட்டங்கள் இருந்தன. நடுக்கட்டம் ஒன்றுதான் காப்பாற்றும். மற்ற ஏழும் தோல்வி. 2இல் போட்டதும் அவன் 5இல் போட்டிருப்பான். நீங்கள் 9ஐ அடைத்திருப்பீர்கள். அவன் 7. அப்புறம் 3இலும் 4இலும் வெற்றி. சரிதானா?

இரண்டாவதாக ஆடுபவர் ஜெயிக்கும் வழி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் முதலில் ஆடுபவர் எங்காவது ஒரு குறியைப் போட்டுவிட்டு அதே வழியைத் தானே பின்பற்றலாம். கூடுதலாக ஒரு குறி இருப்பதால் இந்த ஆட்டத்தில் ஒருபோதும் கெடுதல் இல்லை. ஆகவே அப்படியொரு வழி இருக்க முடியாது. மறுபக்கம், மூலை, நடு, பக்கவாட்டு என்று முதலில் எங்கே தொடங்கினாலும் இரண்டாமவருக்குத் தப்பிக்க ஒரு பதிலாவது இருக்கிறது. அதனால்தான் சமநிலை.

பட்டர்வொர்த் அண்ணன்

ஆமாம், 7இல்தான் போட்டான். மூன்று முறையும்.

ஈப்போ சாலைத் தம்பி

டீச்சர், நீங்கள் சொன்னதை நேற்று இரவு மாமாக் கடையில் தே தாரிக் குடித்தபடி சோதித்தேன். நண்பன் 5இல் தொடங்கினான், நான் 1, அவன் 9. எதிரெதிர் மூலை வந்தால் பக்கவாட்டுக் கட்டம் என்று மனதில் வைத்திருந்தேன், 2இல் போட்டேன். அவன் 3இல் மறித்தான். உடனே 6இலும் 7இலும் அவனுக்கு வெற்றி. நீங்கள் சொன்னபடிதானே ஆடினேன்?

பினாங்கு ஆசிரியை

தம்பி, இங்கே நடுக்கட்டம் அவனுடையது. நீங்கள் மனப்பாடம் செய்தது கட்டத்தை, நான் சொன்னது கேள்வியை. 2இல் போட்டால் அவன் எங்கே மறிக்க வேண்டும்? 3இல். அது அவனுக்குக் கவட்டையா? 3-5-7இல் 5 அவனுடையது, 3-6-9இல் 9 அவனுடையது. ஆம். ஆகவே இந்த ஆட்டத்தில் மூலைதான் மருந்து. 3இல் போட்டால் அவன் 2இல் மறிப்பான், நீங்கள் 8ஐ அடைப்பீர்கள், அதன் பிறகு அவனுக்குக் கவட்டையே கிடையாது.

ஈப்போ சாலைத் தம்பி

புரிகிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆளை ஏமாற்ற மூலையைவிட நடுவில் தொடங்குவதே நல்லது. மூலைக்கு நடுக்கட்டம் பதில் என்பது எல்லாருக்கும் தெரிந்த ஒன்று.

பினாங்கு ஆசிரியை

நடுவில் தொடங்கினால் எட்டுப் பதில்களில் நான்கு மூலைகளும் காப்பாற்றும். மூலையில் தொடங்கினால் ஒன்றுதான். நான் மூலைதான்.

பட்டர்வொர்த் அண்ணன்

தெரியாத நான் ஒருவன் இருந்தேனே, தம்பி. மூலைக்கே என் ஓட்டு.

செந்தூல் அத்தை

இன்று மாலை பையன் வந்தான். 1, 5, 9. நான் 2இல் போட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் தாளைப் பார்த்தான். பிறகு 8இல் மறித்தான். கடைசிக் கட்டம் வரை போனோம். "இன்னொன்று" என்று தாளைத் திருப்பி, இந்த முறை 2இலிருந்து தொடங்கியிருக்கிறான். பக்கவாட்டுக்கு எனக்குப் பாதுகாப்பான பதில்கள் எவை, டீச்சர்? அவன் காத்திருக்கிறான்.