மாலையிலிருந்து காலை பேட்ச்: சீட் கணக்கு இடிக்கிறது, உதவுங்களேன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங் வகுப்பு. கணக்கெல்லாம் கூகுள் ஷீட்டில். மாலைக்கு மாதம் ₹900, காலைக்கு ₹750. ஒரு மாணவி ஜூன் 16 முதல் காலைக்கு மாறுகிறார். பேட்ச் பெயரை மட்டும் மாற்றினால் பழைய 15 நாள் வருகையும் காலைக்கே போய்விடும். அதனால் அதே சேர்க்கை எண்ணில் புது வரி போட்டு, பழைய வரியில் முடிவுத் தேதி ஜூன் 15 என்று எழுதினோம். கட்டணம் 450 + 375 = 825; மீதி ₹75 ஜூலையில் கழியும். அதில் குழப்பமில்லை.

சிக்கல் சீட்டில்தான். 12ஆம் தேதியே முடிவுத் தேதியை எழுதியதும் மாலையில் ஓர் இடம் காலி என்று காட்டிவிட்டது. அவரோ இன்னும் அந்த மெஷினில்தான் அடித்துக்கொண்டிருக்கிறார்! நிரம்பிய இடங்களை எண்ணும் ஃபார்முலா இதுதான்; C-யில் பேட்ச், E-யில் முடிவுத் தேதி:

```
=COUNTIFS(C:C,"மாலை",E:E,"")
```

இதோடு `COUNTIFS(C:C,"மாலை",E:E,">="&TODAY())` கூட்டினால் போதுமா? காலையில் நான்கு நாள் முன்பே இடம் பிடிபடுவது பரவாயில்லை, அது வேண்டும்தான்.