அமெரிக்கப் பங்குகளின் ஈவுத்தொகை: எந்த நாள் விகிதத்தில் ரூபாயாக்குவது, பிடித்த வரியை எப்படிக் கழிப்பது?

புதுமுதலீட்டாளர்:
நான் இந்தியாவில் வசிப்பவன். 2024 ஜூலையில் என் அமெரிக்கப் பங்குகளுக்கு 200 டாலர் ஈவுத்தொகை வந்தது. அதில் 25 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு 150 டாலரைத் தரகர் கணக்கில் வரவு வைத்தார்கள். அந்தப் பணத்தை 2025 ஜனவரியில்தான் என் வங்கிக்கு மாற்றினேன். அதே கணக்கில் சும்மா கிடந்த தொகைக்கு 12 டாலர் வட்டியும் சேர்ந்திருக்கிறது. வங்கியில் வந்து விழுந்த ரூபாயை மட்டும் 2024-25 நிதியாண்டின் வருமானமாகக் காட்டினால் போதுமா?

சேலத்துக்காரர்:
போதாது. பிடித்தத்துக்கு முந்தைய 200 டாலரையும் காட்ட வேண்டும். ஆனால் விகிதத்துக்கு, ஜனவரியில் உங்கள் வங்கி கொடுத்த விகிதமே சரி. உங்கள் கைக்கு வந்தது அந்தத் தொகைதானே?

தணிக்கை மேசை:
முதல் பாதி சரி, விகிதம் சரியல்ல. வருமான வரி விதிகளின் 115-ஆம் விதி, ஈவுத்தொகைக்கு ஸ்டேட் வங்கியின் TT, அதாவது தந்திவழிப் பணமாற்று, வாங்கும் விகிதத்தைக் குறிப்பிடுகிறது. நிறுவனம் ஈவுத்தொகையை அறிவித்த, பகிர்ந்த அல்லது செலுத்திய மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் விகிதம் அது. பணத்தை எப்போது இந்தியாவுக்குக் கொண்டுவந்தீர்கள் என்பதற்கு இதில் வேலையே இல்லை. ஜூலையில் செலுத்தப்பட்டதால் உங்களுக்கு 2024 ஜூன் 30. அது ஞாயிற்றுக்கிழமை என்பதால், அதற்கு முன் வங்கி கடைசியாக வெளியிட்ட விகிதத்தை எடுத்து, அந்தத் தாளின் நகலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு எளிதாக 83 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருமானம் 200 × 83 = 16,600 ரூபாய். பிடித்த வரிக்கான விகிதத்தை 128-ஆம் விதி சொல்கிறது. வரி பிடிக்கப்பட்ட மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் என்பதால், இங்கும் அதே 83-தான், 50 டாலருக்கு 4,150 ரூபாய். நீங்கள் 30 விழுக்காட்டு அடுக்கில் இருந்தால், செஸ் உட்பட 31.2 விழுக்காட்டில் இந்திய வரி சுமார் 5,179. அமெரிக்காவில் பிடித்த 4,150-ஐ அதில் கழித்தது போக இன்னும் 1,029 ரூபாய் கட்ட வேண்டும். 20 விழுக்காட்டு அடுக்கு என்றால் இந்திய வரியே 3,453-தான். கழிவும் அத்தோடு நின்றுவிடும். மீதி 697 ரூபாய் திரும்பி வராது.

வட்டிக்கு வேறு விகிதம். கணக்கில் கிடந்த தொகைக்கான சாதாரண வட்டி கடன் பத்திர வட்டியல்ல என்பதால், நிதியாண்டின் கடைசி நாளான 2025 மார்ச் 31-இன் விகிதம் பொருந்தும். ஒரே கணக்கில் வந்த இரண்டு வரவுகளுக்கு இரண்டு விகிதங்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கோவை வாசகி:
என்னிடம் 25 அல்ல, 30 விழுக்காடு பிடித்துவிட்டார்கள். அந்த முழுத் தொகையையும் இங்கே கழிக்கலாமா?

தணிக்கை மேசை:
கழிக்க முடியாது. தனிநபர் ஈவுத்தொகைக்கு இந்திய-அமெரிக்க ஒப்பந்தம் வைத்துள்ள உச்சவரம்பு 25 விழுக்காடு. அதற்கு மேல் பிடித்ததை இந்தியா கணக்கில் எடுக்காது. நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று தரகரிடம் கொடுத்த W-8BEN படிவம் காலாவதியாகியிருக்கக்கூடும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டின் முடிவு வரைதான் அது பொதுவாகச் செல்லும். அதைப் புதுப்பியுங்கள், கூடுதலாகப் போனதைத் தரகரிடமோ அமெரிக்க வரித்துறையிடமோ கேளுங்கள்.

புதுமுதலீட்டாளர்:
தரகர் அனுப்பிய 1042-S படிவத்தில் உள்ள எண்களை அப்படியே எழுதலாமா?

தணிக்கை மேசை:
அதன் 2-ஆம் கட்டத்தில் மொத்த வருமானமும் 7a கட்டத்தில் பிடித்த வரியும் இருக்கும். ஆனால் அந்தப் படிவம் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது. நம் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. 2024 ஜனவரி முதல் மார்ச் வரை வந்தவை முந்தைய ஆண்டுக்கு உரியவை. மாதாந்திர அறிக்கைகளிலிருந்து ஒவ்வொரு ஈவுத்தொகை வரவையும் தனியாக எடுத்து, அதற்கு முந்தைய மாதக் கடைசி நாள் விகிதத்தால் பெருக்குங்கள். 1042-S-ஐ ஆதாரமாக இணைத்துவிடுங்கள். வெளிநாட்டில் கட்டிய வரிக்குக் கழிவு கேட்கும் Form 67-ஐத் தாக்கல் செய்யாமல் கழிவு கேட்டால் நோட்டீஸ் வரலாம்.

சேலத்துக்காரர்:
ஒரு ஆட்சேபம். 5,179 என்று அடுக்கு விகிதத்தில் போட்டீர்கள். என் கணக்கர் மொத்த வரியை மொத்த வருமானத்தால் வகுத்துக் கிடைத்த சராசரி விகிதத்தைத்தான் வரம்பாகக் கொண்டார். எனக்கு அது 12 விழுக்காடு. உங்கள் எடுத்துக்காட்டில் கழிவு 1,992-ஆகச் சுருங்கிவிடும்.

தணிக்கை மேசை:
சராசரி விகிதத்தை எடுப்போரே அதிகம். ஆனால் 128-ஆம் விதி "அந்த வருமானத்தின் மீதான வரி" என்ற பொருளில்தான் பேசுகிறது, எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லவில்லை. நோட்டீஸைத் தவிர்க்க நினைப்பவர் சராசரியை எடுப்பது நல்லது. வேறுபாடு பெரிதாக இருந்தால் உங்கள் கணக்கரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

புதுமுதலீட்டாளர்:
ஜூனில் அறிவித்து ஜூலையில் செலுத்தியிருந்தால், மே 31-ஆ, ஜூன் 30-ஆ?

தணிக்கை மேசை:
விதியில் மூன்று சொற்களும் "அல்லது" என்று இருப்பதால் இரண்டுக்கும் வாதம் உண்டு. செலுத்திய மாதத்தை வைத்தே நான் செய்கிறேன். பிடித்தமும் அதே மாதத்தில் நடப்பதால் வருமானத்துக்கும் வரிக்கும் ஒரே விகிதம் கிடைக்கிறது. எதை எடுத்தாலும் ஆண்டுதோறும் மாற்றாதீர்கள்.