சுழற்சியில் சிக்கிய பாடங்களை மட்டும் பிரிப்பது எப்படி?

வணக்கம். புதுச்சேரிக் கல்லூரி ஒன்றுக்காக, முன்தேவைகளைக் கொண்டு பாட வரிசை அமைக்கும் நிரலைக் கான் அல்காரிதப்படி எழுதியுள்ளேன். முன்தேவை எண்ணிக்கை பூஜ்ஜியமான பாடத்தை எடுத்ததும், அதைச் சார்ந்த பாடங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது.

தரவுத்தளத்துக்கு வலை நிரலாக்கமும், வலை நிரலாக்கத்துக்குத் தரவுத்தளமும் முன்தேவை என்று யாரோ பதிந்துவிட்டதால், அவ்விரண்டும் 1-லேயே நின்றுவிடுகின்றன. ஆனால் தரவுத்தளத்தை நம்பியிருக்கும் இறுதி ப்ராஜெக்டும், பாவம், அவற்றோடு மிஞ்சுகிறது.

மிஞ்சிய ஒவ்வொரு பாடத்துக்கும் மிஞ்சிய முன்தேவை ஒன்றாவது இருக்கும் என்பதால், ப்ராஜெக்டிலிருந்து பின்னோக்கிச் சென்றால் ஏதேனும் ஒரு பாடம் இரண்டாம் முறை வந்து, ஒரு சுழற்சி பிடிபடுகிறது. மற்றச் சுழற்சிகள் தப்பிவிடுகின்றன. அனைத்தையும் ஒரே ஓட்டத்தில் காட்ட, டார்ஜான் முறையில் வலுவாக இணைந்த கூறுகளைப் பிரிப்பதுதான் வழியா, அல்லது இதைவிட எளிய முறை உண்டா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.